மியூயான் பார்வையில் நம் கடிகாரம்தானே மெதுவாக ஓட வேண்டும்? கணக்கு எங்கே இடிக்கிறது?

மலைக்குருவி

இரண்டு நாளாக ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். யாராவது கைகொடுங்கள்.

டேவிட் ஃப்ரிஷ், ஜேம்ஸ் ஸ்மித் என்ற இருவர் அமெரிக்காவின் வாஷிங்டன் மலை உச்சியில் மியூயான்களை எண்ணி, 1963இல் முடிவை வெளியிட்டார்கள். காஸ்மிக் கதிர்கள் மேல் காற்றில் மோதுவதால் உண்டாகி மழைபோல் இறங்கும் துகள்கள் இவை. உச்சியில் மணிக்கு 563 கிடைத்தன. ஏறக்குறைய கடல் மட்டத்தில் இருக்கும் கேம்பிரிட்ஜில் எண்ணியபோது 408. உயர வித்தியாசம் சுமார் 1,907 மீட்டர். வேகம் ஒளியில் 99.3 விழுக்காடு என்று வைத்தால் அதைக் கடக்க 6.4 மைக்ரோவிநாடி ஆகும். மியூயானின் சராசரி ஆயுளோ 2.2 மைக்ரோவிநாடி. அப்படியானால் முப்பது சொச்சம்தான் பிழைக்க வேண்டும். பிழைத்ததோ 408.

சரி, கால விரிவு. அந்த வேகத்துக்கு விரிவு 8.4 மடங்கு வருகிறது. 6.4ஐ 8.4ஆல் வகுத்தால் மியூயானுக்கு 0.76 மைக்ரோவிநாடிதான் கழிந்திருக்கிறது. அதற்குள் பத்தில் மூன்று பங்கு சிதைந்து, 400 போல மிஞ்சும். இதுவரை புரிகிறது.

இடிக்கும் இடம் இனிமேல்தான். மியூயானோடு உட்கார்ந்து பார்த்தால் மியூயான் சும்மா நிற்கிறது, மலைதான் மேலே ஓடி வருகிறது. ஓடுகிற கடிகாரம் மெதுவாக ஓடும் என்பது விதி. அப்போது தரையில் இருக்கும் கடிகாரம் 0.76ஐ 8.4ஆல் வகுத்த அளவுதான், அதாவது 0.09 மைக்ரோவிநாடிதான் ஓடியிருக்க வேண்டும். ஆனால் மியூயான் தரையில் மோதும்போது அதே கடிகாரம் 6.4 காட்டும் என்கிறோம். ஒரே கடிகாரம், ஒரே கணம். 0.09ஆ, 6.4ஆ?

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். இதற்கெல்லாம் அடிப்படை ஒளிவேகம் மாறாதது என்கிறார்கள். மியூயான் ஒளியே இல்லையே, அதற்கும் ஒளிவேகத்துக்கும் என்ன சம்பந்தம்?

தென்காசி சுரேஷ்

நீளக் குறுக்கத்தை மறந்துவிட்டீர்கள் தம்பி. மியூயானின் பார்வையில் மலை 1,907 மீட்டர் இல்லை, 8.4ஆல் வகுத்து 227 மீட்டர்தான். அதைக் கடக்க 0.76 மைக்ரோவிநாடி. கணக்கு முடிந்தது.

ஆனால் மலை நிஜமாகச் சுருங்குவதில்லை. தூரத்து ரயில் சின்னதாகத் தெரிகிற மாதிரி அது ஒரு தோற்றம், அவ்வளவுதான்.

ஒளிவேகம் ஏன் மாறாது என்றால், 1983இல் மீட்டரையே ஒளியை வைத்து வரையறுத்துவிட்டார்கள். ஒளி ஒரு விநாடியில் 299792458 மீட்டர் போகும் என்று எழுதியாகிவிட்டது. பிறகு எப்படி மாறும்?

மலைக்குருவி

நன்றி சுரேஷ் அண்ணா. ஆனால் 227 மீட்டர் சொல்வது மியூயானின் கடிகாரத்தைப் பற்றி. அதில் எனக்குத் தகராறு இல்லை. என் சந்தேகம் தரையில் இருக்கும் கடிகாரம் பற்றியது. அது ஏன் 6.4 காட்டுகிறது?

பூங்கோதை_சிவகாசி

மலை உச்சியில் புவியீர்ப்பு குறைவு, அதனால் அங்கே கடிகாரம் வேகமாக ஓடும், கீழே மெதுவாக ஓடும் என்று படித்திருக்கிறேன். உங்கள் வித்தியாசம் அதனால் வருவதாக இருக்குமோ? ஜி.பி.எஸ். செயற்கைக்கோளிலும் இந்தத் திருத்தம் செய்கிறார்களே.

பழைய ஆய்வகம்

பூங்கோதை, நீங்கள் சொல்வது உண்மையான விளைவு, ஆனால் இந்த இழைக்கு உரியது அல்ல. 1,900 மீட்டர் உயரத்துக்கு அது பத்து லட்சம் கோடியில் இரண்டு பங்கு அளவுதான் வரும். இங்கே நாம் தேடுவது எட்டு மடங்கு வித்தியாசம். யானையைத் தேடும்போது எறும்பை விட்டுவிடலாம்.

மலைக்குருவி, கேள்வியைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். கால விரிவு, நீளக் குறுக்கம் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கை மூடவே முடியாது. மூன்றாவது ஒன்று வேண்டும். பெரும்பாலான புத்தகங்கள் மியூயான் கதையைச் சொல்லும்போது அதை விட்டுவிடுகின்றன.

மியூயான் உச்சியைக் கடக்கும் கணத்தில் உச்சிக் கடிகாரம் 0 காட்டுகிறது என்று வையுங்கள். அதே கணத்தில் தரைக் கடிகாரம் என்ன காட்டும்? "அதுவும் 0" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டீர்கள். உங்கள் 0.09 அங்கிருந்துதான் வந்தது. மலைக்காரர்களுக்கு அது 0தான். மியூயானுக்கு அப்படி இல்லை.

இரண்டு கடிகாரத்தையும் ஒத்துவைத்தது எப்படி என்று பாருங்கள். மலையின் சரிபாதி உயரத்தில் ஒரு விளக்கை மின்ன விட்டு, வெளிச்சம் வந்து சேர்ந்ததும் இரண்டு கடிகாரமும் ஓடத் தொடங்கட்டும். மலைக்காரர்களுக்கு இது நியாயமான ஏற்பாடு, தூரம் இரண்டு பக்கமும் சமம். இப்போது மியூயானின் இருக்கையிலிருந்து பாருங்கள். மலை முழுவதும் மேல்நோக்கி ஓடுகிறது. விளக்கு மின்னிய இடத்தை நோக்கித் தரை ஏறி வருகிறது, உச்சியோ அந்த வெளிச்சத்திலிருந்து விலகி ஓடுகிறது. வெளிச்சம் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் போகிறது என்றால், தரையைத்தான் முதலில் தொடும். தரைக் கடிகாரம் முந்திக்கொண்டு ஓடத் தொடங்கிவிடும்.

எவ்வளவு முந்தும் என்பதற்குச் சூத்திரம்: `L·v/c²`. இதில் L என்பது மலைக்காரர்கள் அளந்த 1,907 மீட்டர். போட்டுப் பாருங்கள், 6.32 மைக்ரோவிநாடி வரும். ஆக, மியூயான் உச்சியைக் கடக்கும்போதே, மியூயானின் கணக்கில், தரைக் கடிகாரம் 6.32இல் நிற்கிறது. அதற்குமேல் நீங்கள் சொன்ன மெதுவான ஓட்டத்தில் 0.09 ஓடுகிறது. கூட்டினால் 6.41. மலைக்காரர்கள் சொல்வதும் அதுவேதான், நீங்கள் 6.4 என்று சுருக்கி எழுதியிருக்கிறீர்கள்.

ஆகவே 0.09, 6.4 இரண்டும் சரி. ஒன்று கடிகாரம் ஓடிய அளவு, மற்றது காட்டிய அளவு.

மலைக்குருவி

சார், நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 6.316 + 0.091. அப்படியே உட்காருகிறது! "ஒரே கணம்" என்ற சொல்லை இரண்டு இடத்துக்கும் பொதுவாக வைத்ததுதான் தப்பு. உச்சிக்கும் தரைக்கும் நடுவில் அந்தச் சொல்லுக்குத் தனியாக ஒரு அர்த்தம் கிடையாது போல.

ஆனால் நடுவில் ஒரு வரி சொன்னீர்களே, "வெளிச்சம் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் போகிறது என்றால்" என்று. அந்த "என்றால்" எங்கிருந்து வந்தது? மேல்நோக்கி ஓடும் விளக்கிலிருந்து கிளம்பிய வெளிச்சம், மேல்நோக்கி இன்னும் வேகமாகப் போகாதா? ஓடும் பேருந்தில் இருந்து எறிந்த பந்து மாதிரி?

பழைய ஆய்வகம்

பந்து மாதிரி என்றுதான் வால்டர் ரிட்ஸ் 1908இல் ஒரு கோட்பாடே எழுதினார். முட்டாள்தனமான யோசனை இல்லை அது. அதைச் சோதித்துத்தான் ஒதுக்க வேண்டியிருந்தது.

நேரடியான சோதனை 1964இல் ஜெனீவா பக்கத்தில் செர்ன் ஆய்வகத்தில் நடந்தது. நடுநிலைப் பையான் என்ற துகள் பிறந்த வேகத்தில் சிதைந்து காமா கதிராக மாறிவிடும். காமா கதிரும் ஒளிதான், கண்ணுக்குத் தெரியாத ஒளி. அங்கே பையான்கள் ஒளிவேகத்தில் 99.975 விழுக்காட்டில் பறந்துகொண்டிருந்தன. பந்து மாதிரி என்றால் முன்பக்கம் கிளம்பிய காமா கதிர் ஏறக்குறைய இரட்டை வேகத்தில் வந்திருக்க வேண்டும். தெரிந்த தூரத்தில் வைத்து நேரத்தை அளந்தார்கள். வழக்கமான ஒளிவேகம்தான் வந்தது. எறிந்தவரின் வேகம் ஒட்டவே இல்லை.

சரி, பந்து இல்லை என்றால் அலை. ஒலி காற்றில் போகிற மாதிரி ஒளியும் ஏதோ ஒரு ஊடகத்தில் போகிறது, வேகம் அந்த ஊடகத்தைப் பொறுத்தது என்று வைக்கலாம். அப்படியானால் அந்த ஊடகத்தினூடே பூமி ஓடும்போது திசைக்குத் திசை ஒளிவேகம் வேறுபட வேண்டும். மைக்கெல்சனும் மோர்லியும் 1887இல் கிளீவ்லாந்தில் பாதரசத்தில் மிதக்கும் கல்லின்மேல் கருவியை வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது அதற்காகத்தான். வேகம் வேறுபட்டால், இரண்டு ஒளிக்கற்றை சேரும் இடத்தில் தெரியும் வரிப்பட்டைகள் நகரும். எதிர்பார்த்த நகர்வு ஒரு பட்டையின் அகலத்தில் 0.4 பங்கு. கண்டது அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

எறிந்தவரையும் பொறுத்தது இல்லை, ஊடகத்தையும் பொறுத்தது இல்லை. அப்புறம் யாரைப் பொறுத்த வேகம் அது? "அளப்பவர் யாராக இருந்தாலும் அதே வேகம்" என்ற பதில்தான் மிச்சம். செர்ன் சோதனை பின்னால் வந்தது. 1905இல் ஐன்ஸ்டைனிடம் இருந்தது வேறு வகை நியாயம். மின்சாரம், காந்தம் பற்றிய மாக்ஸ்வெல்லின் சமன்பாடுகளிலிருந்து ஒரு வேகம் தானாக வந்து விழுகிறது. அந்தச் சமன்பாடுகள் ஓடும் ரயிலிலும் அப்படியே செல்லும் என்றால் அந்த வேகமும் அங்கே அப்படியேதான் விழ வேண்டும்.

சுரேஷ், மீட்டர் விஷயத்தில் குதிரைக்கு முன்னால் வண்டியைக் கட்டுகிறீர்கள். சோதனைகள் எல்லாம் ஒரே பதிலைச் சொன்ன பிறகுதான் 1983இல் துணிந்து அப்படி வரையறுத்தார்கள். வரையறை எண்ணைத்தான் பூட்டும். திசைக்குத் திசை ஒளி வேறுபட்டால், இரும்புக் கம்பியை வடக்கே நீட்டி ஒளியால் அளந்தால் ஒரு நீளமும் கிழக்கே திருப்பி அளந்தால் வேறு நீளமும் வரும். கம்பி காட்டிக்கொடுத்துவிடும். வரையறையால் அதை மறைக்க முடியாது.

தோற்றம் என்பதையும் ஏற்க மாட்டேன். தூரத்து ரயில் சின்னதாகத் தெரிவதால் யாரும் சீக்கிரம் ஊர் போய்ச் சேர்வதில்லை. இங்கே 408 மியூயான் சேர்ந்திருக்கிறது.

தென்காசி சுரேஷ்

கம்பி உதாரணம் யோசிக்க வைக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தோற்றம் பற்றி முழுசாக விட்டுக்கொடுக்க மாட்டேன். மலையில் ஒரு கல்லும் நசுங்கவில்லை. அளக்கும் முறையில் மாற்றம் என்றாவது சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை (யாழ்ப்பாணம்)

சுரேஷ் கடைசியாகச் சொன்னதிலே பாதி நியாயம் இருக்கு. ஓடும் பொருளின் நீளத்தை அளப்பதென்றால் இரண்டு நுனியும் ஒரே கணத்தில் எங்கே நிற்கின்றன என்று குறிக்க வேண்டும். மேலே பார்த்தபடி "ஒரே கணம்" ஆளுக்கு ஆள் மாறும். அப்படியிருக்க நீளமும் மாறத்தானே செய்யும். கல் நசுங்கவும் இல்லை, கண் ஏமாறவும் இல்லை.

மலைக்குருவியின் இரண்டாவது கேள்வி அப்படியே கிடக்குது. மியூயானுக்கும் ஒளிக்கும் என்ன சம்பந்தம்? என் பதில்: ஒரு சம்பந்தமும் இல்லை. 1910இல் இக்னாட்டோவ்ஸ்கி என்பவர் ஒளியைத் தொடாமலே கணக்குப் போட்டுக் காட்டினார். சீராக ஓடும் எல்லோருக்கும் இயற்கை விதி ஒன்றே, எந்த இடமும் எந்தத் திசையும் விசேஷமில்லை, இவ்வளவுதான் எடுத்துக்கொண்டார். அதிலிருந்தே கடிகாரங்களையும் அளவுகோல்களையும் இணைக்கும் விதி வந்துவிடுகிறது, ஒரேயொரு தெரியாத எண்ணோடு. அந்த எண் எல்லோருக்கும் பொதுவான ஒரு வேகம். அது முடிவிலி என்றால் நியூட்டனின் உலகம், கால விரிவே கிடையாது. முடிவுள்ளது என்றால் நாம் பேசிக்கொண்டிருக்கிற உலகம்.

எந்த உலகம் என்று கணக்குச் சொல்லாது. அளந்துதான் பார்க்க வேணும். அந்த மியூயான்கள் செய்தது அதைத்தான். பொது வேகம் முடிவிலி என்றால் கீழே முப்பது சொச்சம். அது ஒளிவேகத்துக்குச் சமம் என்றால் நானூறு. வந்தது 408. மியூயானைச் சிதைப்பது மென்விசை, ஒளி இல்லை. அதுவும் அதே எண்ணுக்குக் கட்டுப்படுகிறது என்றால் அந்த எண் ஒளியின் தனிச்சொத்து இல்லை. ஒளிக்கு நிறை இல்லாததால் அது அந்த வேகத்தில் ஓடுகிறது, அவ்வளவுதான்.

கோவை_லதா

நான் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். இந்த இழையைப் பார்த்ததும் கை பரபரத்தது. நாங்கள் இதைச் செய்தே பார்த்தோம்!

மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் 330 மீட்டர் உயரம், ஊட்டி நிலையம் 2,203 மீட்டர். வித்தியாசம் 1,873. வாஷிங்டன் மலைக்கு ஏறக்குறைய சமம். துகள் பட்டால் மின்னும் பொருளான ஒளிர்மியை வைத்து மாணவர்கள் செய்த சின்னக் கருவி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டிலும் ஒரே நேரத்தில் துடிப்பு வந்தால் மட்டும் எண்ணினோம். ஊட்டியில் மூன்று விழுந்தால் மேட்டுப்பாளையத்தில் இரண்டு என்ற விகிதம். விரிவு இல்லையென்றால் பதினேழில் ஒன்றுதானே வர வேண்டும்? மூன்றில் இரண்டு என்பதை வைத்துத் திருப்பிக் கணக்குப் போட்டால் விரிவு 7 மடங்கு வந்தது. ஃப்ரிஷும் ஸ்மித்தும் 8.8 என்று கண்டார்கள். எங்கள் கருவிக்கு இது மோசமில்லை என்று பிள்ளைகளுக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

பழைய ஆய்வகம்

இனிப்பைத் திருப்பிக் கேட்கவில்லை டீச்சர், ஆனால் அந்த 7 தற்செயல்.

நீங்கள் எண்ணியது எல்லா வேகத்து மியூயான்களையும், கூடவே எலக்ட்ரான்களையும். தரைக்கு வரும் மியூயானின் சராசரி ஆற்றல், துகள்களை அளக்கும் அலகில், நாலு ஜி.இ.வி. போல. அதற்கு விரிவு நாற்பது மடங்கு நெருங்கும். அப்படிப்பட்டவை ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வருவதற்குள் நூற்றில் ஏழு எட்டுதான் சிதையும். உங்களுக்குக் குறைந்ததோ நூற்றில் முப்பத்துமூன்று. பெரும்பகுதி சிதைவால் குறையவில்லை. நடுவில் இருக்கும் காற்றில் எலக்ட்ரான்கள் அடங்கிப்போயின. மெதுவான மியூயான்கள் அந்தக் காற்றிலேயே 400 எம்.இ.வி., அதாவது 0.4 ஜி.இ.வி. போல ஆற்றலை இழந்து நின்றுவிட்டன. வரும் வழியில் புதிதாகப் பிறந்தவையும் கொஞ்சம் கணக்கில் சேர்ந்திருக்கும். விரிவு இருக்கிறது என்று உங்கள் எண் சொல்வது சரி, எத்தனை மடங்கு என்று அதிலிருந்து எடுக்க முடியாது.

ஃப்ரிஷ், ஸ்மித் செய்த வேலையின் அழகே இங்கேதான். மலை உச்சியில் கருவிக்குமேல் இரண்டரை அடி இரும்பை அடுக்கினார்கள். அதைத் தாண்டி வந்து, கீழே இருந்த ஒளிர்மிக்குள் நின்று, பிறகு சிதைந்தவற்றை மட்டும் எண்ணினார்கள். நிற்கும்போது ஒரு துடிப்பு, சில மைக்ரோவிநாடி கழித்துச் சிதையும்போது இன்னொரு துடிப்பு. இரும்பைத் தாண்டிச் சரியாக அங்கே நிற்க ஒரு குறிப்பிட்ட வேகம் இருந்தாக வேண்டும், ஒளியில் 0.9950க்கும் 0.9954க்கும் இடையில். கடல் மட்டத்துக்கு வந்ததும் அந்த இரும்பில் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். ஏன் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். நடுவில் இருந்த காற்றே அதே அளவு மியூயானை மெதுவாக்கிவிடுகிறது. காற்றுக்குச் சமமான இரும்பைக் கழித்தால்தான் மேலே எண்ணிய அதே கூட்டத்தைக் கீழேயும் எண்ண முடியும்.

வழியெல்லாம் மெதுவாகிக்கொண்டே வருவதால்தான், உச்சியில் பத்து மடங்காக இருக்கும் விரிவு சராசரியில் 8.4 ஆகிறது. அந்த 8.4இலேயே அவர்கள் பிழைக்கு முன்பின் 2 இடம் விட்டிருந்தார்கள். அளந்த 8.8க்கு 0.8 விட்டிருந்தார்கள்.

உங்கள் ஊட்டியிலேயே பாருங்கள், கிரேப்ஸ்-3 என்ற காஸ்மிக் கதிர் ஆய்வகத்தின் மியூயான் தொலைநோக்கியை இரண்டு மீட்டருக்கும் மேல் கான்கிரீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். ஒரு ஜி.இ.வி.க்குக் கீழானதெல்லாம் வடிகட்டத்தான்.

கோவை_லதா

அய்யோ, இது உறைத்தது. எலக்ட்ரானை ஈயத் தகடு வைத்து நிறுத்தலாம். இரட்டைத் துடிப்பு பார்க்கத் தடிமனான ஒளிர்மி வேண்டும், எங்களிடம் இருப்பது ஒரு சென்டிமீட்டர் பலகை. அதில் நிற்பவை நாளுக்கு எத்தனை கிடைக்குமோ தெரியவில்லை.

மலைக்குருவி

ஒரு நெருடல். அந்த 6.4 மைக்ரோவிநாடியை யாராவது கடிகாரம் வைத்து அளந்தார்களா? ஒரே மியூயானை மேலேயும் கீழேயும் பார்க்கவில்லையே?

பழைய ஆய்வகம்

இல்லை. வெவ்வேறு நாளில், வெவ்வேறு மியூயான்கள். இரும்பில் நின்ற தூரத்திலிருந்து ஆற்றல், ஆற்றலிலிருந்து வேகம், வேகத்திலிருந்து நேரம். அந்தச் சங்கிலியில் சார்பியல் ஏற்கெனவே கொஞ்சம் நுழைந்துவிட்டது என்று குறை சொல்பவர்கள் உண்டு, அது நியாயமான குறையும்கூட. கறாரான பதில் வேண்டுமென்றால் செர்ன் வளையத்துக்குப் போங்கள். 1977இல் மியூயான்களைக் காந்த வளையத்தில் சுற்றவிட்டு ஆயுளை அளந்தார்கள். விரிவு 29.3 மடங்கு, ஆயுள் 2.2 மைக்ரோவிநாடிக்குப் பதில் 64.4. கணிப்போடு ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குக்குள் பொருந்தியது. சுற்றி அதே இடத்துக்கு வருவதால் உச்சி, தரை என்று இரண்டு கடிகாரத்தை ஒத்துவைக்கும் தொல்லையே இல்லை.

கணக்குப்பிள்ளை (யாழ்ப்பாணம்)

அந்தத் தொல்லையைத்தான் நான் கிளறப்போகிறேன், ஐயா கோபிக்க வேண்டாம். மலை நடுவில் விளக்கு மின்னுகிற ஏற்பாட்டில், மேலே போகும் ஒளிக்கும் கீழே போகும் ஒளிக்கும் ஒரே வேகம் என்று எடுத்துக்கொண்டோம். ஒருவழி வேகத்தை அளக்க இரண்டு இடத்தில் ஒத்துவைத்த கடிகாரம் வேணும். ஒத்துவைக்க ஒருவழி வேகம் தெரியணும். மைக்கெல்சன் அளந்தது போய்த் திரும்பும் ஒளியை. ஆக, ஒருவழி வேகம் சமம் என்பது நாம் செய்துகொண்ட ஏற்பாடுதான். 1905 கட்டுரையிலேயே ஐன்ஸ்டைன் அதை வரையறை என்றுதான் வைக்கிறார். அதை மாற்றினால் உங்கள் 6.32 வேறு எண்ணாகும்.

பழைய ஆய்வகம்

6.32 மாறும். 408 மாறாது. மியூயானின் சொந்த 0.76ம் மாறாது. கடிகாரத்தை மெல்லத் தூக்கிக்கொண்டு போய் ஒத்துவைத்தாலும் நமக்கு அதே பதில்தான் வருகிறது, ஒளியைத் தொடவே வேண்டாம்.

கணக்குப்பிள்ளை (யாழ்ப்பாணம்)

மெல்லத் தூக்கும்போது கடிகாரம் பிந்தாது என்பதும் அதே ஏற்பாட்டை உள்ளே வைத்துக்கொண்டுதான் சொல்கிறீர்கள். இதிலே நாம் இரண்டு பேரும் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன்.

மலைக்குருவி

நீங்கள் இருவரும் தொடருங்கள், நான் படித்துக்கொண்டிருக்கிறேன். லதா டீச்சர், அடுத்த முறை ஊட்டி போகும்போது சொல்லுங்கள், ஈயத் தகடு சுமக்க நான் வருகிறேன்.

கோவை_லதா

வாருங்கள். ஆனால் மலை ரயிலில் அவ்வளவு எடையை ஏற்ற விடுவார்களா தெரியவில்லை, பஸ்தான். சார், பத்து சென்டிமீட்டர் ஈயம் போதுமா, இன்னும் வேண்டுமா?

பழைய ஆய்வகம்

எலக்ட்ரானுக்குப் போதும். வேகத்தைத் தேர்ந்தெடுக்கப் போதாது. ஒளிர்மியை முதலில் தடிமனாக்குங்கள், ஈயம் அப்புறம் பார்க்கலாம்.